ஒரு எண், நாற்பது வினாடி: யாழ்ப்பாணச் சனத்தொகையை வைத்து ஒரு குறும் வீடியோ (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நம்ப முடியாத ஒரு எண்ணைச் சின்ன வீடியோவில் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணத்தைத்தான் எடுத்திருக்கிறேன்: 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்ததைவிட 2012இல் ஆட்கள் குறைவு. எங்கள் ஊர்க் கணக்கு என்பதால் பிழையாகச் சொன்னால் உடனே மனம் நோகும், அதனால் ஒவ்வொரு படியிலும் கவனம் தேவைப்படுகிறது.

என்னட்டை நல்ல எண்கள் நிறைய இருக்கு. ஒரு வீடியோவுக்கு எதை எடுக்கிறது?

பார்ப்பவர் மனத்தில் ஏற்கனவே ஒரு ஊகம் இருந்து, அதற்கு எதிராக நிற்கும் எண்ணை எடுங்கள். ஊகமே இல்லாத இடத்தில் ஆச்சரியமும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் இத்தனை லீட்டர் பால் விற்கிறது என்று சொன்னால் அது கூடவா குறையவா என்று கேட்பவருக்குத் தெரியாது, தலையாட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். சனத்தொகை அப்படியில்லை. முப்பது வருடம் போனால் சனம் கூடியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நாடு முழுவதையும் எடுத்தால் அந்த நினைப்பு சரியும்கூட: 1981இல் சுமார் 1 கோடியே 48 லட்சமாக இருந்த இலங்கையின் சனத்தொகை 2012இல் 2 கோடியே 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் யாழ்ப்பாணம் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது.

நாட்டின் எண்ணையும் வீடியோவில் சேர்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கூடியிருக்கும் என்ற நினைப்பைப் பார்ப்பவரே கொண்டு வருகிறார், அதை நிரூபிக்க இன்னொரு எண் தேவையில்லை. அதைக் கொமென்டில் போடுங்கள்.

ஒரு இடத்தில 1981க்கு 830,552 எண்டு இருக்கு, இன்னொரு இடத்தில 738,788 எண்டு இருக்கு. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒரே நிலப்பரப்பின் கணக்கு இல்லை. இந்த உதாரணத்தில் பெரும்பாலானவர்கள் விழும் குழி இதுதான்.

1981இல் குடிசன மதிப்பு எடுத்தபோது கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை, யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1984இல்தான் அது பிரிந்தது. அந்தக் காலத்து எல்லைப்படி எண்ணினால் 830,552 பேர். அதில் இன்றைய கிளிநொச்சி மாவட்டத்துக்குள் வரும் 91,764 பேரைக் கழித்தால் மிஞ்சுவது 738,788. 2012இன் எண் 583,882. இது கிளிநொச்சி இல்லாத யாழ்ப்பாணம். ஆகவே 2012ஐ 738,788உடன் ஒப்பிட வேண்டும்.

பிழையான சோடியை எடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 830,552இலிருந்து 583,882க்கு வந்தது என்றால் ஏறத்தாழ 30 சதவீத வீழ்ச்சி. சரியான சோடியில் அது 21 சதவீதம். அந்த ஒன்பது சதவீத வித்தியாசத்துக்கு ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை, சாகவும் இல்லை; வரைபடத்தில் ஒரு கோடு மாறியது, அவ்வளவுதான். ஆனால் 30 என்ற எண் கூடப் பரபரப்பாக இருக்கும், அதனால் அதுதான் வேகமாகப் பரவும்.

இப்படி ஒரு எல்லை மாற்றம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே ஆண்டுக்கு, ஒரே இடத்துக்கு இரண்டு எண் தென்பட்டால் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டு நகர வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த அளவில் பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வித்தியாசம் 91,764. கிளிநொச்சியின் 1981 எண்ணைத் தேடினால் அதே 91,764 நேரே வந்து நிற்கும். அப்போது சந்தேகம் தீர்ந்துவிடும்.

இடையில இருக்கிற ஆண்டுகளை ஏன் விட்டீங்கள்?

முழுமையான கணக்கு இல்லை. 1991இல் நடக்க வேண்டிய குடிசன மதிப்பு நடக்கவில்லை. 2001இல் நாட்டில் நடந்தாலும், போர் நிலைமையால் யாழ்ப்பாணத்தில் முழுமையாக எண்ண முடியவில்லை. அந்த ஆண்டுகளுக்குக் கிடைப்பவை மதிப்பீடுகள். வீடு வீடாகப் போய் எண்ணியதையும் மதிப்பீட்டையும் ஒரே கோட்டில் இணைத்தால், இடையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும் என்ற தோற்றம் வந்துவிடும். 2024 இறுதியில் தொடங்கிய புதிய கணக்கெடுப்பைப் பற்றித் தனி வீடியோ செய்யுங்கள். இதில் 1981, 2012 என்ற இரண்டு ஆண்டும் திரையில் கடைசிவரை நிற்க வேண்டும். “இப்போது” என்ற சொல் எங்கும் வரக்கூடாது.

21 சதவீதம் குறைந்தது எண்டு நேரே சொன்னால் போதாதே?

சொல்லலாம், கேட்பவர் பிடித்துக்கொள்ள மாட்டார். 21 சதவீதம் எதனுடைய 21 என்ற கேள்வி உடனே வருகிறது. கணக்குப் போடும் நாங்களே அதில் தடுமாறலாம்: குறைந்த தொகை 154,906. அதைப் பழைய 738,788ஆல் வகுத்தால் 21 சதவீதம், தெரியாமல் புதிய 583,882ஆல் வகுத்துவிட்டால் 26.5 சதவீதம். குறைந்ததைச் சொல்லும்போது எப்போதும் பழைய எண்தான் கீழே வரும்.

அதைவிட இப்படிச் சொன்னால் ஒருவரும் தடுமாற மாட்டார்கள்: 1981இல் ஐந்து பங்கு சனம் இருந்தது என்றால் 2012இல் நாலு பங்கு. கணக்கும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. 738,788ஐ ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 147,758. அதை நாலால் பெருக்கினால் 591,032. உண்மையான எண்ணைவிட ஏழாயிரம் சொச்சம்தான் கூட, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். நாற்பது வினாடி வீடியோவுக்கு அந்தப் பிசகு பரவாயில்லை. சரியான எண்ணைப் பிறகு திரையில் எழுதிக் காட்டத்தான் போகிறோம்.

எல்லா எண்ணும் இப்படி வசதியாக அமையாது. மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று: இவற்றில் எதற்கும் கிட்ட வராத எண்ணை வலிந்து இழுத்துப் பொருத்த வேண்டாம். அப்போது சதவீதத்தையே சொல்லிவிடுங்கள்.

எனக்கு அனிமேஷன் தெரியாது. என்ன படம் காட்டுறது?

ஒரு மேசை, ஒரு வெள்ளைத் துணி, ஒன்பது பனங்கொட்டை. அது போதும்.

துணியை மடிப்பு விழாமல் விரித்து, அதற்கு நேர் மேலே போன் வருமாறு வையுங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் கதிரையில் புத்தகங்களை அடுக்கி, போனின் கமரா மட்டும் விளிம்புக்கு வெளியே வரும்படி வைத்து, மற்றப் பக்கத்தில் பாரம் ஏற்றிவிடலாம். போனின் நீளவாக்குத்தான் வீடியோவின் நீளவாக்கும். வெளிச்சத்துக்கு யன்னலோரம் போங்கள். மேலே லைட்டைப் போட்டால் உங்கள் கையின் நிழல் கொட்டைகள்மேல் விழும். கொட்டைகள் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று பெரிதாக இருந்தால், அது ஏன் பெரிது என்றுதான் பார்ப்பவர் யோசிப்பார்.

மேல் வரிசையில் ஐந்து கொட்டை, பக்கத்தில் “1981” என்று எழுதிய அட்டை. கீழ் வரிசை வெறுமையாக இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் “2012”. இப்போது கையை நீட்டிக் கீழ் வரிசையில் ஒன்றொன்றாக வையுங்கள், மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே. நாலாவதை வைத்ததும் கையை வெளியே எடுத்துவிடுங்கள். ஐந்தாவதற்கு நேர் கீழே துணி மட்டும் தெரியும். இரண்டு வினாடி ஒன்றும் பேச வேண்டாம். வீடியோவின் முழுப் பலமும் அந்த இரண்டு வினாடியில்தான் இருக்கிறது. பின்னணி இசை போட்டிருந்தால் அதையும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக் காட்டுவதுதானே சுலபம் என்று சிலர் கேட்பார்கள். அதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தை இரண்டு கேள்வி தள்ளிச் சொல்கிறேன். அதேபோல மெழுகுதிரியோ விளக்கோ வைத்து ஒன்றை அணைப்பதும் கூடாது. அணையும் விளக்கைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குச் சாவுதான் நினைவுக்கு வரும், இந்த எண்ணோ செத்தவர்களின் எண் இல்லை.

பார் சார்ட் போட்டால் என்ன?

போடலாம், அடி பூச்சியத்தில் தொடங்கினால் மட்டும். சில செயலிகள் படம் எடுப்பாகத் தெரிவதற்காக அடியைத் தாங்களே உயர்த்திவிடும். அடி ஐந்து லட்சத்தில் தொடங்கினால் 1981இன் தூணுக்கு 239 ஆயிரம் உயரம், 2012இன் தூணுக்கு 84 ஆயிரம் உயரம். பார்ப்பவருக்குச் சனம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டதாகத் தெரியும். வாயால் என்ன சொன்னாலும் கண் கண்டதுதான் மனத்தில் நிற்கும்.

சின்னப் பனையும் பெரிய பனையும் வரைவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. உயரத்தை ஐந்துக்கு நாலாகக் குறைக்கும்போது அகலமும் சேர்ந்து குறைகிறது, படத்தின் பரப்பு 64 சதவீதமாகிவிடுகிறது. ஒரே அளவுப் பொருளை எண்ணிக் காட்டுவதில் இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை.

“ஐந்தில் ஒருவர் ஊரைவிட்டுப் போனார்” எண்டு தலைப்புப் போடலாமோ?

கூடாது. தலைப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் எண் அதைச் சொல்லவில்லை.

குடிசன மதிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு. 1981இல் எண்ணப்பட்டவர்களும் 2012இல் எண்ணப்பட்டவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. இடைப்பட்ட 31 வருடத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள், முதியவர்கள் இயற்கையாக இறந்தார்கள், போரில் இறந்தார்கள். 1983 வன்செயலுக்குப் பிறகு தெற்கிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வடக்கைவிட்டு வெளியேற்றினார்கள். 1995 இறுதியில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தது. ஒரு பகுதி அடுத்த வருடம் திரும்பியது, ஒரு பகுதி வன்னிக்குப் போனது. இத்தனையும் கூட்டிக் கழித்து மிஞ்சிய வித்தியாசம்தான் 154,906. இடையில் பிறந்த பிள்ளைகள் கணக்கை மேலே தூக்கிவிட்டிருப்பதால், போனவர்களும் இறந்தவர்களும் சேர்ந்த தொகை இதைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். “ஐந்தில் ஒருவர் போனார்” என்று சொன்னால் எங்கள் இழப்பையே குறைத்துச் சொன்னதாகிவிடும்.

ஐந்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் காட்ட வேண்டாம் என்றதும் இதனால்தான். கை வந்து ஒன்றை எடுத்துப் போவதைப் பார்த்தால் யாரோ ஒருவர் போனதாகத்தான் மனம் எடுத்துக்கொள்ளும். கீழ் வரிசையில் நாலை வைத்துக் காட்டினால், அன்று இவ்வளவு, இன்னொரு நாள் இவ்வளவு என்பது மட்டும் தெரியும். எண் சொல்வதும் அதைத்தான்.

காரணங்களை வீடியோவில் பேச வேண்டாமா என்றால், நாற்பது வினாடிக்குள் வேண்டாம். இத்தனை காரணங்களில் ஒன்றை மட்டும் சொன்னால் மற்றவற்றை மறைத்ததாகிவிடும். 1990இல் வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒன்று இந்த வீடியோவைப் பார்க்கும்போது, “வெளிநாட்டு மோகத்தில் எல்லாரும் போய்விட்டார்கள்” என்ற ஒரு வரி அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முழு ஸ்கிரிப்டையும் ஒருக்கா எழுதிக் காட்டுவீங்களோ?

நான் சொல்லும் முறை இது. அடைப்புக்குள் இருப்பது கையின் வேலை.

“யாழ்ப்பாண மாவட்டத்தில 1981ஆம் ஆண்டு இருந்த சனத்தை அஞ்சு பங்காப் பிரிச்சால், இதுதான் அது. (மேல் வரிசை முதலிலேயே தெரிகிறது.)

31 வருஷம் கழிச்சு, 2012இல திரும்பவும் வீடு வீடாப் போய் எண்ணிச்சினம். அப்ப எத்தினை பங்கு இருந்திருக்கும் எண்டு நினைக்கிறியள்?

(கொட்டைகளை வைத்துக்கொண்டே) ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு. (கை வெளியே போகிறது. இரண்டு வினாடி மௌனம்.)

1981இல ஏழு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் பேர். 2012இல அஞ்சு லட்சத்து எண்பத்து நாலாயிரம் பேர்.

ரெண்டும் இண்டைய மாவட்ட எல்லைக்குரிய கணக்கு, கிளிநொச்சி இதில சேரேல்லை.”

நிதானமாக வாசித்தால், கை வேலையையும் மௌனத்தையும் சேர்த்து நாற்பது வினாடிக்குள் வரும். வணக்கம் சொல்லித் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விரலால் தள்ளிக்கொண்டு வருபவர் முதல் இரண்டு மூன்று வினாடிக்குள் நிற்பதா போவதா என்று முடிவு செய்துவிடுவார், அந்த நேரத்தில் திரையில் ஐந்து கொட்டையும் 1981உம் இருக்க வேண்டும். பெரிய எண்களைக் கடைசியில் வைத்ததும் வேண்டுமென்றுதான். ஆச்சரியம் கொட்டையில் முடிந்துவிடுகிறது, எண் அதற்குச் சாட்சியாகப் பின்னால் வருகிறது. முதலிலேயே ஏழு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் என்று தொடங்கினால், அதை மனத்தில் ஏற்றும் வேலையிலேயே பாதிப்பேர் களைத்துவிடுவார்கள்.

கடைசி வரியை வெட்டிவிடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள், அது சுவை குறைந்த வரி என்பதால். வெட்டாதீர்கள். 830,552 என்ற எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் கட்டாயம் பார்ப்பார்.

எங்கட பேச்சிலயா, எழுத்துத் தமிழிலயா பேசுறது?

உங்கள் வாயில் எது இயல்பாக வருகிறதோ அதில். நான் வீட்டுப் பேச்சில் பேசி, திரையில் எழுதுவதை எழுத்துத் தமிழில் வைப்பேன். மட்டக்களப்பிலோ சென்னையிலோ இருந்து பார்ப்பவருக்குக் காது தவறவிட்டதைக் கண் எடுத்துக் கொடுக்கும்.

திரையில தமிழ் எழுத்து உடைஞ்சு வருது. சில நேரம் ஆங்கில எழுத்தாத் தெரியுது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஆங்கில எழுத்தாக வந்தால், நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். “கொ” என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் எடிட்டிங் செயலிக்குத் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியவில்லை என்று அர்த்தம். எழுத்துருவை Noto Sans Tamil ஆக மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். அட்டையில் மார்க்கரால் கையெழுத்தாக எழுதி மேசையில் வையுங்கள். இந்த வீடியோவுக்கு அதுதான் அழகும்கூட. அட்டைகளைத் திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் வைக்க வேண்டாம், தலைப்பும் பொத்தான்களும் வந்து மூடிவிடும்.

எண் எங்கிருந்து வந்தது எண்டதை எங்கே போடுறது?

பெரிய எண்கள் வரும் இடத்திலேயே, சின்ன எழுத்தில் ஒரு வரி: “தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம், 1981, 2012”. அதைப் பிடித்துப் படிக்கும் அளவுக்கு நாலு வினாடியாவது நிற்கட்டும். பின்செய்யும் கொமென்டில் முழு எண்கள் மூன்றையும் (830,552, 738,788, 583,882) எழுதி, கிளிநொச்சி 1984இல் பிரிந்ததையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். நாட்டின் மொத்தத் தொகை வருவதும் அங்கேதான். மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேட்டை ஒருமுறை நேரில் புரட்டிப் பார்ப்பது நல்லது. இணையத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதும்போது எந்த எல்லைக்குரிய எண் என்ற குறிப்பு விழுந்துபோகிறது, கையேட்டில் அந்தக் குறிப்பு அட்டவணையின் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போட முன்னம் சரியா விளங்குதோ எண்டு எப்படிச் சோதிக்கிறது?

கணக்கில் ஈடுபாடு இல்லாத ஒருவரிடம், சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எத்தனையோ பேர் பஸ்ஸில் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். பார்த்து முடிந்ததும் “விளங்கினதா” என்று கேட்க வேண்டாம், எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். “அம்மாட்டை இதைச் சொல்லுறதெண்டால் என்னெண்டு சொல்லுவீங்கள்?” என்று கேளுங்கள்.

“1981இல அஞ்சு எண்டால் 2012இல நாலாம்” என்று வந்தால் சரி. “அஞ்சில ஒராள் போட்டாராம்” என்று வந்தால் படத்தில் எங்கோ ஒன்று போவதுபோலத் தெரிகிறது. பெரும்பாலும் ஐந்தாவது கொட்டை ஒன்று கையிலோ மேசை ஓரத்திலோ தென்பட்டிருக்கும். “இப்ப யாழ்ப்பாணத்தில அஞ்சு லட்சம் பேர்தானாம்” என்று வந்தால் 2012 என்ற அட்டை சின்னதாகிவிட்டது, பெரிதாக எழுதித் திரும்ப எடுங்கள். “அஞ்சு பனங்கொட்டை வைச்சினம்” என்று மட்டும் வந்தால் முதல் வரி எழுத்தில் வரவில்லை, சத்தமில்லாமல் பார்த்தவருக்குக் கொட்டை என்றால் சனம் என்பதே தெரியாமல் போயிருக்கிறது. அப்போது மேல் வரிசைக்கு மேலே “யாழ்ப்பாண மாவட்டச் சனத்தொகை” என்று இன்னொரு அட்டையை வைத்து, வேறொரு ஆளிடம் காட்டிப் பாருங்கள்.